கட்டுரைத் தாளில் ‘பலரும் கூறுகின்றனர்’: எழுதி மதிப்பெண் இழந்தவன் தரும் வழிகாட்டி

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள். முதல் முறை எழுதியபோது எனக்கு இரட்டை இலக்கத்தில்தான் வந்தது. பள்ளி நாளிலிருந்து கட்டுரைப் போட்டிகளில் டம்ளரும் தட்டும் பரிசாக வாங்கிய ஆள் நான். என் நடையில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தியவருக்குத் தமிழ் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அடுத்த முயற்சிக்கு முன் பயிற்சித் தேர்வு ஒன்றில் என் தாளை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் திருத்தினார். ஓரம் முழுக்கச் சிவப்பு மையில் ஒரே சொல்: ‘யார்?’ நேரில் போய்க் கேட்டேன். “பலரும் கூறுகின்றனர்னு எழுதியிருக்கீங்க தம்பி. அந்தப் பல பேர்ல நான் இருக்கேனா?” என்றார். இல்லை என்றேன். “நீங்க?” நானும் இல்லைதான். “அப்ப யாரு சொல்லி யாருக்கு மார்க் போடச் சொல்றீங்க?” என்றார்.

தேர்வாணையம் கட்டுரைக்கு மதிப்பெண் பகிர்வு எதையும் வெளியிடுவதில்லை. பாடத்திட்டத்தில் சில வரிகள்தான் உண்டு: தலைப்பை விட்டு விலகாதீர்கள், கருத்துகளை ஒழுங்காக அடுக்குங்கள், சுருக்கமாக எழுதுங்கள், திறம்படவும் துல்லியமாகவும் சொல்வதற்கு மதிப்பெண் உண்டு. அந்தத் ‘துல்லியம்’ நடைக்கு மட்டும் உரியது என்று நான் எடுத்துக்கொண்டேன். சான்றுக்கும் அது பொருந்தும் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

1. பழைய கட்டுரை ஒன்றை எடுத்து வட்டமிடுங்கள்

புதிதாக எதையும் எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அரை மணி நேரம் போதும். நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றில் கீழ்க்கண்ட தொடர்கள் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள்: ‘பலரும் கூறுகின்றனர்’, ‘அறிஞர்கள் கருதுகின்றனர்’, ‘ஆய்வுகள் தெரிவிக்கின்றன’, ‘மறுக்க முடியாத உண்மை’, ‘என்று சொன்னால் அது மிகையாகாது’.

என் தாளில் பதினேழு வட்டம் விழுந்தது. அதில் ஆறு ‘மிகையாகாது’. மிகையில்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், அதற்கு முந்தின வாக்கியம் மிகைதான்.

இவை எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் பள்ளிக் கட்டுரைதான் நினைவுக்கு வருகிறது. முன்னுரை, குறிப்புச் சட்டகம், முடிவுரை என்று அங்கே பழகியபோது ஆசிரியர் பார்த்தது ஓட்டத்தையும் பிழையின்மையையும். ‘இதை எப்படி நம்புவது?’ என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இங்கே கேட்கிறார்கள்.

2. வட்டமிட்ட வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

2023-ஆம் ஆண்டுத் தாளில் வந்த ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் நாம்தான் மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். ‘நீதி மிகுந்த சமூகத்துக்குத் தானம் குறைவாகவே தேவைப்படும்’ என்பது அதன் சாரம். இதற்கு நான் வீட்டில் எழுதிப் பார்த்த பத்தி இது:

‘ஏழைகளுக்கு உணவு வழங்குவது தற்காலிகத் தீர்வே என்று பலரும் கூறுகின்றனர். நீதி நிலைநாட்டப்பட்டால் தானத்துக்கே தேவை இராது என்பது அறிஞர்களின் கருத்து. பல ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்துகின்றன.’

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது எதிர்க் கட்சியை அதே சட்டையில் நுழைத்துப் பாருங்கள்: ‘தானமே சமூகத்தைத் தாங்குகிறது என்று பலரும் கூறுகின்றனர். நீதி எவ்வளவு வந்தாலும் தானம் தேவை என்பது அறிஞர்களின் கருத்து. பல ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்துகின்றன.’ ஒரு நூல் பிசகாமல் பொருந்துகிறது. இரண்டு கட்சிக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது. பொய் என்பதற்காக அதற்கு மதிப்பெண் குறைவதில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாதம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது, அதனால்தான் குறைகிறது.

குறிப்பான எடுத்துக்காட்டை இப்படித் திருப்ப முடியாது. ஒரு தேதியும் ஓர் உத்தரவும் ஓர் இடமும் சொல்லிவிட்டால், நீங்கள் தவறாக இருந்தால் பிடிபடுவீர்கள். பிடிபடக்கூடிய இடத்தில் துணிந்து நிற்பதால்தான் அந்த வாக்கியத்துக்கு எடை. திருத்துபவர் ஒவ்வொன்றையும் தேடிச் சரிபார்ப்பார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு நேரம் இருக்காது. ஆனால் சரிபார்க்கக்கூடியதைச் சொல்கிறாரா, நழுவுகிறாரா என்பது வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘ஐ.நா. அறிக்கை ஒன்றின்படி’, ‘அண்மை ஆய்வு ஒன்றில் 87 சதவீதம் பேர்’ என்று எழுதுவது குறிப்பானது அல்ல. எந்த அறிக்கை, எந்த ஆண்டு, யாரைக் கேட்டார்கள் என்று இல்லாத எண், வேட்டி கட்டிய ‘பலர்’தான். அந்த எண்ணை நீங்களே உருவாக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஒரு பொய் எண் பிடிபட்டால் மற்ற உண்மைகளின் மீதும் சந்தேகம் விழும்.

3. சான்றை மூல ஆவணத்திலிருந்து எடுங்கள்

இதற்குப் பெரிய செலவு இல்லை. எனக்கு ஆனது ஒரு நோட்டு, நூறு அட்டைகள், கொஞ்சம் ஜெராக்ஸ். பயிற்சி மையத் தொகுப்புகளுக்குக் கொடுத்த பணத்தோடு பார்த்தால் இது டீச் செலவு. முக்கியமானவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன:

மத்தியச் சட்டங்கள் indiacode.nic.in தளத்தில் பிரிவு வாரியாக இருக்கின்றன. முழுச் சட்டத்தையும் படிக்க வேண்டாம். வரையறைகளையும், உங்கள் வாதத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று பிரிவுகளையும் படித்தால் போதும்.

தமிழ்நாட்டுத் திட்டங்களுக்கு, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள். தமிழிலேயே கிடைப்பதால், கலைச்சொற்களும் அரசு பயன்படுத்தும் வடிவத்திலேயே உங்களுக்கு வந்துவிடும். சத்துணவுக்குச் சமூக நலத் துறையின் குறிப்பு. முழுதும் அச்செடுத்து அடுக்கி வைக்காதீர்கள். நான் அப்படி அடுக்கியதில் பாதியைத் திறக்கவே இல்லை.

மத்திய அரசின் அறிவிப்புகளுக்கு pib.gov.in. தமிழ் வெளியீடுகளும் உண்டு.

இதில் பொறி எது என்றால், நண்பர்களிடம் கைமாறும் குறிப்புகள். என் கையில் இருந்த ஒரு ஜெராக்ஸில் ‘இந்தியாவிலேயே முதன்முதலாக 1982-இல் தமிழகத்தில் மதிய உணவு தொடங்கப்பட்டது’ என்று இருந்தது. அதை இரண்டு பயிற்சித் தேர்வுகளில் அப்படியே எழுதினேன். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கியது சத்துணவுத் திட்டம். காமராசர் காலத்து மதிய உணவு 1950-களிலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே, நீதிக்கட்சிக் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. ‘முதன்முதலாக’ என்ற சொல் எங்கே வந்தாலும் கையை எடுங்கள். அது இல்லாமலே வாக்கியம் நிற்கும்.

4. ஒரு செய்திக்கு ஓர் அட்டை

அட்டையில் ஐந்து வரி மட்டும்: எது நடந்தது, எங்கே, எப்போது, எவ்வளவு, அதனால் என்ன மாறியது. ஐந்தாவது வரி காலியாக இருந்தால் அந்த அட்டை பொது அறிவுக் கேள்விக்கு ஆகும், கட்டுரைக்கு ஆகாது.

தொடக்கத்தில் ஓர் அட்டைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பழகியதும் இருபது நிமிடம். நாற்பது அட்டைகள் சேர்ந்ததும் நிறுத்திக்கொண்டேன். நானூறு சேர்த்த நண்பர் ஒருவர் தேர்வறையில் எதை எடுப்பது என்று தெரியாமல் திணறினார். ஒரே அட்டை பல தலைப்புகளுக்கு உதவும். பள்ளி உணவு பற்றிய அட்டை நீதிக்கும் வரும், கல்விக்கும் வரும், கூட்டாட்சிக்கும் வரும், பெண்கள் வேலைவாய்ப்புக்கும் வரும்.

5. பத்தியை எழுதும் முறை

இந்தப் படிதான் எனக்கு அதிக நாள் பிடித்தது. அதனால் அதே தலைப்பை வைத்து முழுதாகச் செய்துகாட்டுகிறேன்.

முதலில், என் வாதம் என்ன? ‘நீதி இருந்தால் தானம் தேவையில்லை’ என்று சொன்னால் அது தலைப்பையே திரும்பச் சொல்வது. தானத்துக்கும் நீதிக்கும் இடையே தொட்டுப் பார்க்கக்கூடிய வேறுபாடு ஒன்று வேண்டும். நான் பிடித்தது இது: தானம் நின்றுபோனால் பெற்றவர் கேட்க முடியாது, உரிமை நின்றுபோனால் கேட்கலாம். இப்போது இதற்கு ஒரு சாட்சி தேட வேண்டும். தட்டில் இருப்பது அதே சோறு, ஆனால் அது வரும் வழி தானத்திலிருந்து உரிமைக்கு மாறியிருக்க வேண்டும். பள்ளி மதிய உணவு அப்படிப்பட்டது. மாற்றி எழுதிய பத்தி:

‘1995-இல் மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்டம் வந்தபோது, பல மாநிலங்களில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சமைத்த உணவு அல்ல, மாதம் மூன்று கிலோ தானியம். 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த உணவே தர வேண்டும், அதில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 200 நாளாவது தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்ட உரிமையாக்கியது. உரிய உணவு தரப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படித்தொகை கேட்கலாம் என்கிறது அதன் எட்டாம் பிரிவு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் உணவுக்கு என்ன ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் தானாகவே மாநிலங்களைக் கேட்டது. ஓர் அன்னசத்திரம் மூடப்பட்டிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் இடம் இருந்திருக்காது.’

இதில் கவனிக்க வேண்டியவை சில. எண்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் வேலை இருக்கிறது. 300 கலோரி எதற்கு? ‘உணவு தருக’ என்று பொதுவாகச் சொல்லாமல் அளந்து பார்க்கக்கூடிய கடமையாக நீதிமன்றம் அதை மாற்றியது என்று காட்டத்தான். எடுத்துவிட்டால் வாதம் மெலியும் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதே பத்தியில் பயனாளிகளின் எண்ணிக்கை, ஒதுக்கீட்டுத் தொகை, மாநில வாரிப் பட்டியல் என்று என்னிடம் இன்னும் மூன்று அட்டைகள் இருந்தன. போடவில்லை. முதல் வரைவில் போட்டிருந்தேன். ஆசிரியர் அவற்றை அடித்துவிட்டு ‘இது கணக்குப் பிள்ளை நோட்டு’ என்று எழுதினார்.

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் வரலாறு. எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவதுதான் தகவல் தெரிந்தவர்கள் செய்யும் தவறு. ‘பலரும் கூறுகின்றனர்’ என்று எழுதுபவருக்குச் சான்று இல்லை, இவருக்குச் சான்று இருந்தும் அது வாதத்தோடு கட்டப்படவில்லை. இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் வரும். எடுத்துக்காட்டு முடிந்ததும், ‘ஆகவே எனக்கு இது எப்படி உதவுகிறது?’ என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள்.

இன்னொன்று. இந்தப் பத்திக்கு எதிராக ஒருவர் கேட்கலாம்: சட்டம் வந்த பிறகும் தமிழ்நாட்டில் காலையில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தார்களே, அதனால்தானே 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது? நியாயமான கேள்வி. இதை அடுத்த பத்தியில் நீங்களே எழுப்புங்கள். சட்டம் சொன்னது மதிய வேளையை மட்டும், அது விட்ட இடத்தை ஒரு மாநில அரசு நிரப்பியது, ஆனால் அது இன்னும் திட்டம்தான், அந்தச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை அல்ல என்று எழுதினால் உங்கள் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். ‘சிலர் இதை மறுக்கலாம்’ என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். எதிர்க் கட்சியைச் சொல்லும்போதும் ‘சிலர்’ என்பது ‘பலர்’ செய்யும் அதே தப்பைத்தான் செய்கிறது.

குறளோ பழமொழியோ போட்டால் சான்று ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கத்தில் ஒன்று போடுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அது சொல்லப்பட்ட கருத்து, நடந்த செய்தி அல்ல. பத்தியின் நடுவே அதைத் தூணாக நிறுத்தாதீர்கள்.

6. எண் மறந்துவிட்டால் ஒரு படி இறங்குங்கள்

தேர்வறையில் இது கட்டாயம் நடக்கும். காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது என்று அட்டையில் எழுதியிருப்பீர்கள், அங்கே 1,454-ஆ, 1,545-ஆ என்று குழப்பம் வரும். ஊகித்து எழுதாதீர்கள், ‘பல பள்ளிகள்’ என்று கீழேயும் விழாதீர்கள். ஒரு படி மட்டும் இறங்கி, ‘ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு அரசுத் தொடக்கப் பள்ளிகளில்’ என்று எழுதுங்கள். உண்மை கெடாது, சரிபார்க்கவும் முடியும். தேதி மறந்தால் ‘2001 இறுதியில்’. சட்டப் பிரிவின் எண் மறந்தால் ‘அச்சட்டத்திலேயே இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது’. எதுவுமே உறுதியில்லை என்றால் அந்த எடுத்துக்காட்டை விட்டுவிட்டு வேறு அட்டைக்குப் போங்கள்.

சொந்த அனுபவம் எழுதலாமா என்று நிறையப் பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள் (மூன்று பேர், சரியாகச் சொன்னால்). கண்ணால் பார்த்ததை எழுதலாம், குறிப்பாக இருந்தால் நல்ல சான்றுதான். ஆனால் உங்களை அடையாளம் காட்டும் எதையும் விடைத்தாளில் எழுதக் கூடாது. பெயர், பதிவெண் மட்டுமல்ல, நீங்கள் யார் என்று ஊகிக்க வைக்கும் குறிப்பும் வேண்டாம். ‘டெல்டாவில் ஒரு தொடக்கப் பள்ளியில்’ என்பதோடு நிறுத்துங்கள்.

7. மூன்று மணி நேரத்தைப் பிரிப்பது

ஒரு கட்டுரைக்கு 90 நிமிடம். நான் பிரித்தது: தலைப்பைத் தேர்ந்து, வாதத்தை ஒரு வரியில் எழுதி, அதற்கான அட்டைகளை நினைவிலிருந்து குறித்துக்கொள்ள 15 நிமிடம். எழுத 70. கடைசி ஐந்து நிமிடம் வட்டமிட.

அந்த முதல் 15 நிமிடத்தில்தான் தலைப்பையே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் நான்கு தலைப்புகள் இருக்கும், ஒன்றை எடுக்க வேண்டும். பிடித்த தலைப்பை எடுப்பது என் பழைய பழக்கம். இப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே நினைவுக்கு வரும் குறிப்பான எடுத்துக்காட்டுகளை ஒற்றைச் சொல்லால் குறிப்பேன். நான்காவது எடுத்துக்காட்டு வராத தலைப்பை விட்டுவிடுவேன், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

தமிழில் எழுதும் நமக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் பிடிக்கும் செய்தி தமிழில் ஒரே நீண்ட சொல்லாகிவிடும். ஆயிரம் தமிழ்ச் சொற்களைக் கையால் எழுத நேரம் கூடுதலாகப் பிடிக்கும். சொல் எண்ணிக்கையை எட்டுவதற்காக ‘இன்றைய காலகட்டத்தில்’, ‘அனைவரும் அறிந்ததே’ என்று நிரப்பத் தோன்றுவது அந்தக் களைப்பில்தான். ஆயிரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். நான் பத்திக்கு ஓர் எடுத்துக்காட்டு வீதம் ஆறு பத்திக்கு ஆறு வைத்துக்கொள்வேன், அதற்கு மேல் கை ஓடாது.

கடைசி ஐந்து நிமிடத்தில் மறுவாசிப்புக்கு முயல வேண்டாம், முடியாது. ‘பல’, ‘சில’, ‘அறிஞர்கள்’, ‘ஆய்வுகள்’ ஆகிய நான்கு சொற்களை மட்டும் கண்ணால் தேடுங்கள். பேர் போட முடிந்தால் மேலே சிறிதாக எழுதுங்கள், முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை ஒற்றைக் கோட்டால் சுத்தமாக அடித்துவிடுங்கள். பேனா மையை முன்தினமே சோதித்து வையுங்கள். அடித்த இடத்தில் மை ஊறி அடுத்த பக்கத்தில் தெரிந்து, அங்கிருந்த நல்ல பத்தி ஒன்றும் எனக்குப் பாழானது.